‘ஒரு கிஃப்ட் சொல்லுங்கோ’ என்று மட்டும் கேட்டால்: இரண்டு கேள்வியில் பொருளைப் பிடிப்பது எப்படி

"அக்கா, ஒரு நல்ல கிஃப்ட் ஐடியா சொல்லுங்கோ, அவசரம்." வட்ஸப்பில் இவ்வளவுதான் வரும். யாருக்கு, என்ன விசேஷம், எவ்வளவு காசுக்குள் என்று ஒரு விபரமும் இருக்காது. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் ஒருவரின் ஃபேன்சிக் கடையில் நான் இடைக்கிடை கவுண்டரில் நிற்பதுண்டு. அங்கே நேரில் வருபவர்கள் கேட்பதும் இதே மாதிரித்தான். அதனால் இந்த முறை அங்கேயே படிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் எல்லோரும் உங்களிடமே கேட்கிறார்கள் என்றால் இது உதவும்.

உடனே பத்துப் பொருளின் பட்டியலை அனுப்பாதீர்கள். அது கேட்டவருக்கு இன்னொரு தலையிடி. அதற்காக வயது, விருப்பம், நிறம், தொழில் என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வதும் சரிவராது. பஸ்ஸில் நின்றுகொண்டு பதில் போடுபவர் ஐந்து கேள்வியில் கடைசியாக உள்ளதற்கு மட்டும் பதில் எழுதுவார். என் கணக்கு, ஒரு மெசேஜுக்கு ஒரு கேள்வி, மொத்தம் இரண்டு. மூன்றாவது கேள்வி அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது

ஒரு கேள்வியை அனுப்புவதற்கு முன் அதற்கு வரக்கூடிய இரண்டு பதில்களை மனதில் நினைத்துப் பாருங்கள். இரண்டு பதிலுக்கும் நீங்கள் ஒரே பொருளைத்தான் சொல்வீர்கள் என்றால் அந்தக் கேள்வி வேண்டாம். கல்யாண மாப்பிள்ளைக்கு வயது 27 என்றாலும் 31 என்றாலும் நான் சொல்லப்போவது ஒன்றுதான். பிறகு எதற்கு வயது? "அவருக்கு என்ன பிடிக்கும்?" என்பதும் பிரயோசனமில்லாத கேள்வி. அது தெரிந்திருந்தால் அவர் உங்களிடம் வந்தே இருக்கமாட்டார்.

படி 1: "எங்கை வைச்சு, எப்ப குடுக்கப் போறீங்கள்?"

யாருக்கு என்று கேட்டால் "ஃபிரெண்டுக்கு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். எங்கே, எப்போது என்று கேட்டால் ஆளும் விசேஷமும் சேர்ந்தே வரும்.

"ஞாயிறு காலமை, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம்" என்று வந்தால் கல்யாணம் அல்லது சாமத்திய வீடு. மேடையில் வரிசையில் நின்று கொடுப்பது. பொருள் அங்கே பிரிக்கப்படாது, இரவு வானில் மற்றப் பெட்டிகளோடு அடுக்குப்பட்டுப் போகும். கண்ணாடிச் சாமான் வேண்டாம். டின்னர் செற் வேண்டவே வேண்டாம், அது பிரிக்கப்படாமலே நாலு கல்யாணம் சுற்றும். மண்டபம் என்றால் என் முதல் பதில் காசுக் கவர்தான், ஒரு ரூபாய்க் குத்தியும் சேர்த்து. மிக நெருங்கிய உறவு என்றால் மட்டும் வேறு யோசிப்பேன், அதையும் மண்டபத்தில் அல்ல, முதல் நாளே வீட்டில் கொடுக்கச் சொல்வேன்.

"அவையின்ர வீட்டை, பின்னேரம்" என்றால் குடிபூரல், பிள்ளை பார்க்கப் போவது, பிறந்தநாள் இவற்றில் ஒன்று. அங்கே பொருள் கண் முன்னே பிரிக்கப்படும். "ஒஃபிஸில, வெள்ளிக்கிழமை" என்றால் கூட வேலை செய்பவர் விலகிப் போகிறார், பலர் சேர்ந்து காசு போடுகிறார்கள். இதற்கு சுப்பர்மார்க்கெட் வவுச்சரை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. ரசனை இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வவுச்சரில் முடிவுத் திகதியை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

"கட்டுநாயக்கா போக முதல்" என்று வந்தால் வெளிநாடு போகிறவர். அவருடைய பெட்டி ஏற்கனவே நிறைந்திருக்கும், வீட்டுத் தராசில் இரண்டு மூன்று தரம் நிறுத்துப் பார்த்திருப்பார்கள். பாரமான எதுவும் வேண்டாம். கைப்பையில் கொண்டுபோகும் திரவம் ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பதால் பெரிய வாசனைத் திரவியப் போத்தலும் வேண்டாம்.

"எப்ப" என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். இன்று பின்னேரம் என்றால் பெயர் பொறிப்பது, படம் சட்டம் போடுவது எல்லாம் கழிந்துவிடும், காலி வீதியில் கையோடு வாங்கக்கூடியது மட்டும் மிஞ்சும்.

படி 2: காசு (இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது)

"எவ்வளவுக்குள்?" என்று நேரே கேட்டால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "அதொண்டும் பிரச்சினையில்லை, நல்லதா இருந்தாச் சரி." இதை நம்பி பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்றைச் சொன்னால் மறுமுனையில் மௌனம். இரண்டு நீலச் சரி மட்டும் விழும். காசு குறைவு என்று வாயால் சொல்ல யாருக்கும் பிடிக்காது. தொகையைச் சொல்லாமலே தொகை தெரியவரும் மாதிரிக் கேட்கவேண்டும்.

நான் கேட்பது இது: "அவை உங்களுக்குக் கடைசியா என்ன தந்தவை?"

நம்முடைய ஆட்களிடம் இதற்குப் பதில் கட்டாயம் இருக்கும். விசேஷம் முடிந்த இரவே யார் என்ன தந்தார்கள் என்று சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வெறும் ஐயாயிரம் என்றால் ஒரு மாதிரி உறவு, அரைப் பவுண் மோதிரம் என்றால் வேறு மாதிரி. தொகையும் நெருக்கமும் ஒரே பதிலில் கிடைத்துவிடும்.

ஆனால் அந்தப் பதிலை அப்படியே எடுக்கக்கூடாது, எந்த வருடம் தந்தது என்று பாருங்கள். 2022இல் ரூபாய் விழுந்தது நினைவிருக்கும். டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியது, அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய வருடத்தை விட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அதனால் 2022க்கு முன் தந்தது என்றால் தொகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறேன். 2019இல் ஐயாயிரம் தந்தவருக்கு இன்று அதே ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தால், அவர் சொல்லமாட்டார், ஆனால் கணக்குப் பார்ப்பார். தங்கம் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது அதை விடவும் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அரைப் பவுணுக்கு அரைப் பவுண் என்று செட்டியார் தெருவுக்கு யாரையும் அனுப்பாதீர்கள், பாவம்.

முன்பு ஒன்றும் தந்ததில்லை, புது மனேஜர், புதுப் பக்கத்து வீடு என்றால் இரண்டு தொகை சொல்லிக் கேளுங்கள்: "மூவாயிரம் அளவிலயா, எட்டாயிரம் அளவிலயா?" குறைந்ததைத் தெரிவதில் அவருக்கு வெட்கம் இருக்காது, ஏனென்றால் அந்தத் தொகையைச் சொன்னது நீங்கள். மூன்று தொகை சொல்லாதீர்கள். மூன்று சொன்னால் எல்லோரும் நடுவில் உள்ளதைத்தான் எடுப்பார்கள், உங்களுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவராது.

படி 3: இனிக் கேட்காதீர்கள், இரண்டு பொருள் சொல்லுங்கள்

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பொருளைச் சொல்லுங்கள். பிடித்தால் வேலை முடிந்தது. பிடிக்காவிட்டால் ஏன் வேண்டாம் என்று அவரே சொல்வார். நேரே கேட்டிருந்தால் அவருக்கு ஞாபகமே வந்திராத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒரு தங்கச்சி, அதே "கிஃப்ட் சொல்லுங்கோ அக்கா".

"எங்கை, எப்ப?" என்றதற்கு "சனி பின்னேரம், தெகிவளையில, அவை புது பிளாட் எடுத்திருக்கினம்" என்றாள். குடிபூரல், வீட்டில் பிரிப்பார்கள், இரண்டு நாள் இருக்கிறது.

"அவை உங்களுக்குக் கடைசியா என்ன தந்தவை?" "2018இல எங்கட குடிபூரலுக்கு ஒரு குத்துவிளக்கு. நாலாயிரம் இருக்கும்." அப்படியென்றால் இன்றைக்கு எட்டாயிரம் அளவு.

நான் சொன்னவை இரண்டு: ஒரு சோடிச் சின்னப் பித்தளை விளக்கு, அல்லது ஒரு பிளெண்டர். உடனே பதில் வந்தது: "விளக்கு சரிவராது அக்கா, அவை வேதக்காரர். பிளெண்டர் அவையிட்ட இருக்கு, கிச்சினும் சின்னன்." விளக்குத் தந்தவர்கள் சைவக்காரர் என்று நான் முடிவெடுத்திருந்தால் அதோடு போயிருக்கும். கொழும்பில் யாரும் யாருக்கும் குத்துவிளக்குக் கொடுப்பார்கள். தங்கள் வீட்டில் அதை ஏற்றுவார்களா என்பது வேறு விஷயம்.

இப்போது தெரிந்தவை: சமயம் சாராத பொருள், சமையலறைக்கு வேண்டாம், இடம் பிடிக்கக்கூடாது, எட்டாயிரம். படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் அளவு தெரியாமல் வாங்க முடியாது. குஷன் உறை பெரும்பாலும் 16 அங்குலம் என்பதால் அந்தச் சிக்கல் குறைவு. கைத்தறியில் ஐந்து குஷன் உறை, மாற்றிக்கொள்ள வசதியாக பில்லை விலை தெரியாமல் மடித்து உள்ளே வைத்து. நான் அனுப்பியது மொத்தம் மூன்று மெசேஜ், முடிவோடு நாலு.

பிற்சேர்க்கை 1: சாப்பாடு என்றால்

இதைப் படித்த ஒருவர், கேக் கொடுக்கப்போய் மாட்டிக்கொண்டதை எழுதியிருந்தார். உணவுப் பொருள் என்று முடிவானால் மட்டும் மூன்றாவது கேள்வி ஒன்று கேளுங்கள்: "அவை சாப்பிடாதது ஏதும் இருக்கோ?" நம்மூர் கிறிஸ்மஸ் கேக்கில் வழக்கமாக பிரண்டி சேரும், முஸ்லிம் வீட்டுக்கு அது ஆகாது. லவ் கேக்கில் முட்டை இருக்கும், சுத்த சைவ வீட்டில் தொடமாட்டார்கள். ஜெலி இனிப்புகளில் ஜெலட்டின் பார்க்கவேண்டும். பழக்கூடை என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பிற்சேர்க்கை 2: கேட்பவர் வெளிநாட்டில் என்றால்

டொரொன்டோவிலிருந்து ஒருவர் சொன்னதும் சரி: கொடுக்கிறவர் அங்கே, வாங்குகிறவர் இங்கே என்றால் முதல் கேள்வி உடைந்துவிடுகிறது. அதை "ஆர் கொண்டுபோய்க் குடுப்பினம்?" என்று மாற்றுங்கள். இங்கே உள்ள உறவினர் என்றால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். ஒன்லைன் டெலிவரி என்றால் வாங்குகிறவரின் போன் நம்பர் கட்டாயம், டெலிவரிப் பையன் வழி கேட்டு அழைப்பான், சர்ப்ரைஸ் அதோடு முடிந்தது. தொடர்மாடி என்றால் பொருள் கீழே காவலாளியிடம் சில மணித்தியாலம் இருக்கலாம். கொழும்பு வெயிலில் சொக்லேட்டும் கிரீம் கேக்கும் அதைத் தாங்காது.

இரண்டு கேள்விக்கும் பதில் வராவிட்டால்

அதுவும் நடக்கும். அப்போது திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்காமல், நீங்கள் என்ன நினைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி விடுங்கள்: "மண்டபம் எண்டா கவர், வீடு எண்டா நல்ல டவல் செற். வேறயெண்டா இடத்தைச் சொல்லுங்கோ."