நடை திறப்பு முதல் நடை சாத்தல் வரை: கோயிலின் ஒரு நாளை மூன்று நிமிட வீடியோவாக்குவது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலை வைத்தே சொல்கிறேன். கையில் ஒரு செல்போனும் சின்ன முக்காலியும் இருந்தால் போதும்.

முதலில் அனுமதி

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் போனை உள்ளே கொண்டுபோக வேண்டாம். எந்த நாள், எந்தெந்த இடம், மூலவரைப் படமெடுக்க மாட்டோம் என்ற மூன்றையும் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். பிரதோஷம், வைகாசி பிரம்மோற்சவம் போன்ற நாட்கள் வேண்டாம். பிரதோஷத்தன்று மாலையில் நந்தி அபிஷேகத்துக்குத் திரளும் கூட்டத்தில் வழக்கமான சாயரட்சை எங்கே என்றே தெரியாது. சாதாரண நாள்தான் இதற்குச் சரி.

முந்தின நாளே குருக்களிடம், “சாமி, நாளைக்கு உபயதாரர் அபிஷேகம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் பூஜை நேரம் தள்ளிப்போகும். நேரத்தைப் பலகையில் பார்ப்பதோடு அவரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். மார்கழியில் நடை முன்னதாகவே திறந்துவிடும்.

நொடிகளைப் பங்கிடுதல்

மொத்தம் 180 நொடி. விடியற்காலை நடை திறப்பும் பள்ளியெழுச்சியும் 40, காலசந்தி 25, உச்சிக்காலம் 25, மதியம் நடை சாத்தியிருப்பது 8, சாயரட்சை 35, அர்த்தஜாமம் 47. எல்லாக் காலத்துக்கும் சமமாகக் கொடுத்தால் ஒரே தீபாராதனையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல ஆகிவிடும். அந்த 8 நொடி மூடிய கதவை மட்டும் வெட்டாதீர்கள். உச்சிக்காலத்தோடு காலைப் பொழுது முடிந்தது, இனி மாலையில்தான் நடை திறக்கும் என்பதைச் சொல்ல அதுதான் இருக்கிறது.

பொழுது போவதைக் காட்ட ராஜகோபுரமே உதவும். கோயில் கிழக்கு நோக்கியது. எதிரே தெருவில் ஓர் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு, காலை, மதியம், மாலை, இரவு என்று அதே இடத்தில் முக்காலியை நிறுத்தி எடுங்கள். காலை வெயில் கோபுரத்தின் முகத்தில் விழும். மாலையில் வெயில் பின்னால் போய் முகப்பு நிழலாகிவிடும். முக்காலி ஓரடி நகர்ந்தாலும் நான்கு காட்சிகளும் ஒட்டாது.

தீபாராதனையை எடுப்பது

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அபிஷேகம் முடிந்து திரை போடுவார்கள். உள்ளே அலங்காரமும் நைவேத்தியமும் நடக்கும். மணி அடித்ததும் திரை விலகி தீபம் காட்டுவார்கள். இருட்டுக்குப் பழகிய போன், தீபத்தைக் கண்டதும் திடீரென்று வெளிச்சத்தைக் குறைக்கும், தீபம் நகர்ந்ததும் கூட்டும். வீடியோ மூச்சு வாங்குவதுபோல இருந்தால் காரணம் இதுதான். திரை விலகுவதற்கு முன்பே, பக்கத்தில் எரியும் விளக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று காட்டும். அப்புறம் கொஞ்சம் இருட்டாக இறக்கிவிடுங்கள். சுடரின் உள்ளே மஞ்சள் நிறம் தெரிந்தால் சரி. வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் இறக்க வேண்டும்.

சில எல்இடி விளக்குகளின் கீழ் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூலவர் இல்லாமல் என்ன காட்டுவது? கும்பிடும் கைகளைக் காட்டுங்கள், தீபத்தட்டு வெளியே வரும்போது அதில் ஒற்றிக்கொள்ளும் விரல்களைக் காட்டுங்கள், ஒரு குழந்தையின் நெற்றியில் பாட்டி திருநீறு இடுவதைக் காட்டுங்கள். எனக்கு இவையே தரிசனத்துக்குப் பக்கத்தில் வருகின்றன. முகம் தெரிந்தால் மட்டும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒலி

மணியும் நாகஸ்வரமும் பக்கத்தில் ஒலித்தால் போனில் கரகரவென்றாகும். தூணுக்குப் பின்னால் தள்ளி நின்று ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஓதுவார் பாடினால் ஒரு பாடலை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லோடு கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய தலம் இது. இங்கே அவர் பாடிய ‘ஈன்றாளுமாய்’ பதிகம் கிடைத்தால் சாயரட்சைக் காட்சிகளுக்கு அடியில் நடுவே வெட்டாமல் ஓட விடுங்கள். படம் மாறினாலும் பாட்டு அறுபடாது.

அர்த்தஜாமம்

பல சிவன் கோயில்களில் சுவாமிதான் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எழுந்தருள்வார். இங்கே பள்ளியறை சுவாமி சன்னதியில் இருப்பதால் பெரியநாயகி அம்மன் சுவாமியிடம் எழுந்தருள்கிறாள். இது தெரியாமல் சுவாமி புறப்பாட்டுக்காகக் காத்திருந்தால் காட்சி கைநழுவிவிடும். அம்மன் வரும் வழியில், ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் முன்னதாகவே நின்றுவிடுங்கள். அதனால்தான் இந்தப் பகுதிக்கு 47 நொடி. ஊர்வலம், தாலாட்டு, கதவு சாத்தும் ஓசை மூன்றையும் வேகமாக்காமல் அப்படியே விடுங்கள்.

எழுத்து அதிகம் வேண்டாம்; ஒவ்வொரு காலத்தின் பெயரும் நேரமும் போதும். வெளியிடுவதற்கு முன் குருக்களிடமும் அலுவலகத்திலும் போட்டுக் காட்டுங்கள். காலத்தின் பெயர் மாறியிருந்தாலோ கருவறை ஓரமாகத் தெரிந்தாலோ அவர்கள் கண்ணுக்கு உடனே படும்.