பழைய மெமோவுக்குக் காலாவதித் தேதி உண்டா?

எச்சரிக்கைக் கடிதம் இத்தனை மாதத்தில் காலாவதியாகும் என்ற பொது விதி இந்தியச் சட்டத்தில் கிடையாது. உங்கள் நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகளில் கெடு இருந்தால்தான் உண்டு. ஐந்து ஆண்டுக்கு முன் தாமதமாக வந்ததற்கு வாங்கிய மெமோவும் கோப்பில் கிடக்கும்.

ஆனால் அதை மட்டும் காட்டி வேலைநீக்கம் செய்வது செல்லாது. முதலில் புதிய குற்றம் விசாரணையில் நிரூபணமாக வேண்டும்; தண்டனையின் அளவை முடிவு செய்யும்போதுதான் பழைய மெமோ கணக்கில் வரும். அந்தப் பழைய பதிவே வேலைநீக்கத்துக்கு முக்கியக் காரணம் என்றால், அதை நோட்டீஸில் சொல்லி விளக்கம் கேட்டிருக்க வேண்டும். மைசூர் அரசு ஊழியர் மஞ்சே கௌடா வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

எனவே நோட்டீஸில் பழைய மெமோ குறிப்பிடப்பட்டிருந்தால், அதன் நகலை எழுத்தில் கேளுங்கள். அன்று நீங்கள் தந்த விளக்கத்தையும் பதிலோடு இணையுங்கள்.