புதிய விற்பனையாளரின் முதல் 90 நாட்கள்

மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுக்கப் புதிதாகச் சேர்ந்தவரை முதல் 2 வாரங்கள் மூத்த விற்பனையாளருடன் லைனுக்கு, அதாவது கடை கடையாக ஆர்டர் எடுக்கச் செல்லும் வழித்தடத்துக்கு அனுப்பி, ‘போன சரக்கே தேங்கிக் கிடக்கிறது’ என்று கடைக்காரர் சொல்லும்போது மூத்தவர் அலமாரியில் இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகே பேசுவதைக் கவனித்து எழுதி வரச் செய்யுங்கள். அதிகம் நகரும் 10 பொருள்களின் விலை, கடைக்காரருக்கு நிற்கும் லாபம், காலாவதிச் சரக்கைத் திரும்பப் பெறும் விதி ஆகியவற்றை அவர் முதலில் கற்றால் போதும்.

இரண்டாம் மாதத்தில் விற்பனைத் தொகையை இலக்காக வைக்காமல், நாளொன்றுக்கு 30 கடைகளுக்குச் செல்வது, 10 பில்கள் போடுவது என்று வையுங்கள். தொடக்கத்திலேயே தொகையை நிர்ணயித்தால் மாதக் கடைசியில் கடைகளில் சரக்கைத் திணித்துவிடுவார். அடுத்த மாதம் அது திரும்பி வரும்போதுதான் நமக்குத் தெரியும். மூன்றாம் மாதத்தில், அந்த லைனின் வழக்கமான விற்பனையில் பாதியை இலக்காகக் கொடுக்கலாம்.

வாரம் ஒருநாள் மேலாளர் உடன் சென்று, கடைக்குள் குறுக்கே பேசாமல், வெளியே வந்ததும் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும்.