ரேட்டிங் 2 வந்துவிட்டதா? அப்ரைசல் தாளை இப்படிப் படியுங்கள்

போன ஏப்ரலில் எனக்கு 5-க்கு 2 வந்தது. சோழிங்கநல்லூரில் ஆபீஸ், அப்ளிகேஷன் சப்போர்ட் வேலை. அந்த 2-ஐப் பார்த்த அதிர்ச்சியில் கீழே இருந்த எதையும் நிதானமாகப் படிக்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

1. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள விளக்கம்

2 என்பது ஓரிடத்தில் ‘ஓரளவு எட்டினார்’, இன்னோரிடத்தில் ‘எட்டவில்லை’. எச்ஆர் பாலிசியில் உங்கள் நிறுவனத்தின் அர்த்தத்தைப் பாருங்கள். மேனேஜரின் கமெண்ட் நன்றாக இருந்து எண் மட்டும் குறைவென்றால், எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டும் நார்மலைசேஷனில் இறக்கியிருக்கலாம். மேனேஜரிடமே கேளுங்கள்: “நீங்கள் போட்டதே 2-ஆ, அப்புறம் மாறியதா?”

2. கமெண்டை இரண்டாகப் பிரியுங்கள்

சம்பவமோ எண்ணோ உள்ள வரிகள் ஒரு பக்கம், வெறும் அபிப்பிராயம் மறுபக்கம். எக்செல் வேண்டாம், நோட்டில் கையால் எழுதுங்கள், ஒவ்வொரு வரியிலும் நிற்க வைக்கும். ‘பொறுப்புணர்வு போதாது’ என்ற வரிக்கு உதாரணம் கேட்டு மெயில் போடுங்கள்.

3. பிஐபி: நான் தடுக்கி விழுந்த இடம்

பிஐபி என்பது ரேட்டிங் குறைந்தவருக்கு இலக்கும் கெடுவும் வைத்துத் தரும் முன்னேற்றத் திட்டம். என் திட்டத்தில் இருந்தது ஒரே இலக்கு: கிளையண்ட் பதியும் புகார்களான டிக்கெட்டுகளில் 95 சதவீதம், 60 நாளில், எஸ்எல்ஏ நேரத்துக்குள், அதாவது கிளையண்டிடம் ஒப்புக்கொண்ட நேரத்துக்குள் முடிய வேண்டும். நான் இருந்தது 70-ல். வேகமாக வேலை செய்தால் போதும் என்று இரண்டு வாரம் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்தேன், எண் அசையவே இல்லை.

பிறகுதான் அந்த 70 எப்படி வந்தது என்று பார்த்தேன். 40 டிக்கெட்டில் 12 தவறியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தால், 9-ல் நான் கிளையண்டிடம் விவரம் கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறேன், ஆனால் ஸ்டேட்டஸை Pending என்று மாற்றவில்லை. எங்கள் டூலில் அதை மாற்றினால்தான் கடிகாரம் நிற்கும். உண்மையான தாமதம் 3 மட்டுமே, அதாவது 92.5 சதவீதம். ஆக, திருத்த வேண்டியது பெரும்பாலும் ஸ்டேட்டஸ் போடும் பழக்கத்தைத்தான்.

ஆகவே உங்கள் திட்டத்தில் எந்த எண் இருந்தாலும், அது எந்த ரிப்போர்ட்டிலிருந்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். 95 சதவீதம் என்றால் 40-க்கு 2 மட்டுமே தவறலாம், இதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. Acknowledge அழுத்துமுன்

எங்கள் ஆபீஸில் அதற்கு ‘படித்தேன்’ என்றுதான் பொருள். உங்கள் திரையில் ‘ஏற்கிறேன்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஊழியர் கருத்துப் பெட்டியை முதலில் நிரப்புங்கள், அழுத்திய பின் எனக்கு அது பூட்டிக்கொண்டது. 9 டிக்கெட் விஷயத்தைத் தனி மெயிலில்தான் சொல்ல முடிந்தது.

பின்சேர்க்கை: தன் நிறுவனத்தில் 1-தான் உயர்ந்த ரேட்டிங் என்று ஒருவர் இந்தப் பதிவின் கமெண்டில் சொன்னார், அதையும் சரிபாருங்கள். இன்னொரு தோழிக்கு ‘60 நாள்’ என்பது லீவு நாட்களையும் சேர்த்தது என்று கடைசி வாரத்தில்தான் தெரிந்திருக்கிறது. முடியும் தேதியை முதல் நாளே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள்.