ஸ்லிதர்லிங்க்: 0-க்குப் பக்கத்தில் 3 இருந்தால்

புள்ளிகளை இணைத்து ஒரே மூடிய வளையம் வரையும் ஸ்லிதர்லிங்க் புதிரில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? ஒரு பெட்டிக்குள் இருக்கும் எண், அதன் நான்கு பக்கங்களில் எத்தனையில் கோடு வரும் என்று சொல்கிறது. 0-வை ஒட்டி 3 இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இடப்பக்கம் 0, அதன் வலப்பக்கம் 3 என்று வைத்துக்கொள்வோம். 0-வைச் சுற்றி நான்கு பக்கமும், கோடு வராது என்று குறிக்க × போடுங்கள். இரண்டுக்கும் பொதுவான பக்கம் போய்விட்டதால், 3-க்கு மேல், வலம், கீழ் மூன்றிலும் கோடு உறுதி. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். 3-இன் மேல் இடது புள்ளியைப் பாருங்கள்: இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ×. வந்த கோடு அங்கேயே முடிய முடியாது, ஆகவே மேலே ஏறியாக வேண்டும். அதேபோல் கீழ் இடது புள்ளியில் கீழே இறங்கும். ஆக, ஐந்து கோடுகள் இலவசம்! 3-இன் வலப்பக்க மூலைகளில் கோடு திரும்பிவிட்டதால், அந்தப் புள்ளிகளின் மற்ற பக்கங்களுக்கு × போட மறக்காதீர்கள்.

இந்த ஜோடி கட்டத்தின் மேல் ஓரத்தில் பக்கம் பக்கமாக வரவே வராது, ஏனென்றால் கோடு ஏற இடமில்லை. அப்படித் தெரிந்தால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

அப்புறம், 0-வும் 3-ம் மூலைவிட்டமாகத் தொட்டால், தொடும் புள்ளியில் 3-இன் இரண்டு பக்கங்களும் கோடுதான். ஒன்றை விட்டால் மற்றதையும் விட வேண்டும். 3-க்கு அது கட்டுப்படியாகாது.