20 சென் பங்கில் பொய் லாபம்: பேக்டெஸ்ட்டில் செலவைக் கணக்கிடும்போது நேரும் தவறுகள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் பணம் மாற்றும் கடைப் பலகையைப் பார்த்தால் ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலை இருக்கும்: கடைக்காரர் வாங்குவது ஒன்று, விற்பது ஒன்று. கடைக்காரர் வாங்கும் விலைக்கு நாம் வாங்கினோம், அவர் விற்கும் விலைக்கு நாம் விற்றோம் என்று யாரும் கணக்கு எழுதமாட்டார்கள். புர்சா மலேசியாவின் மலிவுப் பங்குகளை வைத்து, ஓர் உத்தியைப் பழைய விலைத் தரவில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட்டுகள் பல, சத்தமில்லாமல் இதைத்தான் எழுதுகின்றன.

காரணம் டிக் அளவு, அதாவது விலை நகரக்கூடிய மிகச் சிறிய படி. 1 ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள பங்கின் விலை 0.5 சென் படியாகத்தான் நகர முடியும். 1 ரிங்கிட் முதல் 10 ரிங்கிட்டுக்குள் படி 1 சென். 5 ரிங்கிட் பங்கில் ஒரு டிக் என்பது 0.2 விழுக்காடு, 20 சென் பங்கில் அதுவே 2.5 விழுக்காடு, 5 சென் பங்கில் 10 விழுக்காடு. வாங்க நிற்பவர்கள் தரும் உச்ச விலையான பிட்டுக்கும், விற்க நிற்பவர்கள் கேட்கும் குறைந்த விலையான ஆஸ்க்குக்கும் இடையே குறைந்தது ஒரு டிக் இடைவெளி இருந்தே தீரும். ஆகவே எதிர்பார்த்த விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமான ஸ்லிப்பேஜை எல்லாப் பங்குக்கும் பொதுவாக 0.1 விழுக்காடு என்று போட்டால், பெரிய பங்குகளில் ஓரளவு சரியாக வரும். மலிவுப் பங்குகளில் கணக்கு அடியோடு கவிழ்ந்துவிடும்.

ஒரு பங்கின் பிட் 0.200, ஆஸ்க் 0.205 என்று நாள் முழுக்க அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். கடைசி வியாபாரத்தில் ஒருவர் அவசரமாக விற்றிருந்தால் இறுதி விலை 0.200 என்று பதிவாகும். மறுநாள் கடைசியில் ஒருவர் வாங்கினால் 0.205. பங்கின் மதிப்பு மாறவே இல்லை, ஆனால் தினசரித் தரவில் 2.5 விழுக்காடு இறக்கமும் ஏற்றமும் மாறிமாறித் தெரியும். "இறங்கினால் வாங்கு, ஏறினால் விற்றுவிடு" என்ற உத்திக்கு இது தேன்கூடு மாதிரி. இறுதி விலையிலேயே வாங்கி விற்றதாக எழுதும் பேக்டெஸ்ட், ஒவ்வொரு முறையும் பிட்டில் வாங்கி ஆஸ்க்கில் விற்றுக்கொண்டே போகும்.

25,000 யூனிட் எடுத்துக்கொள்வோம். பேக்டெஸ்ட் சொல்வது: 5,000 ரிங்கிட்டுக்கு வாங்கி 5,125க்கு விற்றோம், லாபம் 125 ரிங்கிட். உடனே வாங்க வேண்டுமானால் உண்மையில் ஆஸ்க்கில் 5,125 கொடுக்க வேண்டும். உடனே விற்றால் பிட்டில் 5,000தான் கிடைக்கும். 125 லாபம் 125 நஷ்டமாகிவிட்டது, இன்னும் தரகைத் தொடவே இல்லை.

தரகில் மக்கள் சறுக்கும் இடம் குறைந்தபட்சக் கட்டணம். தரகு 0.1 விழுக்காடு, குறைந்தது 8 ரிங்கிட் என்று ஒரு கணக்குக்கு வைப்போம் (உங்கள் தரகரின் விகிதத்தை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்). 5,125க்கு 0.1 விழுக்காடு 5.13தான் வரும், ஆனால் பிடிப்பது 8. அதோடு கிளியரிங் கட்டணம் 0.03 விழுக்காடு, 1.54 ரிங்கிட். முத்திரை வரி ஒவ்வொரு 1,000 ரிங்கிட்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1 ரிங்கிட். 5,125 என்பது ஐந்து ஆயிரமும் ஒரு பகுதியும் என்பதால் 6 ரிங்கிட். வாங்கும் பக்கம் மொத்தம் 15.54, விற்கும் பக்கம் 8, 1.50, 5 சேர்த்து 14.50. இரண்டும் 30.04. ஆக, 125 லாபம் என்று காட்டிய அதே வியாபாரம் உண்மையில் 155.04 நஷ்டம்.

முத்திரை வரியில் தேதியும் முக்கியம். 2022 ஜனவரி 1 முதல் அது ஆயிரத்துக்கு 1.50 ரிங்கிட்டாக இருந்தது, 2023 ஜூலை 13 முதல் 1 ரிங்கிட்டாகக் குறைந்தது. இரண்டு காலத்திலும் ஒரு காண்ட்ராக்ட்டுக்கு உச்சவரம்பு 1,000 ரிங்கிட். இன்றைய விகிதத்தைப் பழைய ஆண்டுகளுக்கும் அப்படியே போடுவது அடிக்கடி காணும் பிழை. 2022 முதலான தரவுக்கு இது போதும்:

```python
import math
from datetime import date

def tick(p):
    if p < 1:   return 0.005
    if p < 10:  return 0.01
    if p < 100: return 0.02
    return 0.10

def cost(value, d):
    value = round(value, 2)
    rate = 1.5 if d < date(2023, 7, 13) else 1.0
    stamp = min(math.ceil(value / 1000) * rate, 1000)
    clearing = min(value * 0.0003, 1000)
    broker = max(value * 0.001, 8)
    return stamp + clearing + broker
```

லாபத்துக்கு வரி கழிக்க வேண்டுமா என்ற கேள்வியும் வரும். பட்டியலிட்ட பங்குகளை விற்கும் தனிநபர் முதலீட்டாளருக்கு மலேசியாவில் மூலதன ஆதாய வரி இல்லை. அமெரிக்கப் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து அதைச் சேர்க்க வேண்டாம்.

"நான் ஆஸ்க்கில் வாங்கமாட்டேன், பிட்டில் லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருப்பேன்" என்பவர்களுக்கு அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. அன்றைய குறைந்த விலை 0.200 என்றால், 0.200 லிமிட் ஆர்டர் நிறைவேறியதாகவே பெரும்பாலான மென்பொருள்கள் எழுதும். ஆனால் டிக் பெரிதாக இருக்கும் பங்குகளில் வரிசையும் நீளம். உங்களுக்கு முன்னால் 3 மில்லியன் யூனிட் நிற்க, அந்த விலையில் 5 லட்சம் மட்டும் கைமாறினால் உங்கள் முறை வரவே வராது. வரிசை முழுக்கத் தீர்ந்து உங்கள் ஆர்டர் நிறைவேறும் நாள், பெரும்பாலும் விலை 0.195க்கு விழுகிற நாளாக இருக்கும். ஏறப்போகும் பங்கு கைக்கு எட்டாது. இறங்கப்போவது மட்டும் வந்து சேரும். அதனால் தினசரித் தரவில் விலை லிமிட்டுக்கு ஒரு டிக் கீழே போயிருந்தால் மட்டுமே நிறைவேறியதாக எடுங்கள். இது சற்றுக் கடுமையான விதிதான், ஆனால் தப்பு செய்வதானால் இந்தப் பக்கம் செய்வது மேல்.

ஆர்டர் பெரிதானால் ஒரு டிக் இடைவெளியும் போதாது. ஆஸ்க் பக்கத்தில் 0.205ல் 40,000, 0.210ல் 120,000, 0.215ல் மேலும் கொஞ்சம் இருக்கிறது. 200,000 யூனிட்டை ஒரே மூச்சில் வாங்கினால் சராசரி 0.210, முதல் விலைக்கு மேல் ஒரு முழு டிக். ஆர்டர் ஆழத் தரவு கையில் இல்லையென்றால், முந்தைய 20 நாள் சராசரி வியாபார அளவில் 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்காதபடி வரம்பு வையுங்கள். அன்றைய அளவையே எடுத்தால், சந்தை மூடிய பிறகே தெரியும் எண்ணைக் காலையிலேயே பயன்படுத்தியதாகிவிடும்.

இத்தனையும் சரியாக எழுதிய பிறகும் கெடுக்கக்கூடிய ஒன்று சரிசெய்த விலை. 8 சென்னுக்கு விற்ற பங்கைப் பத்துக்கு ஒன்றாக ஒருங்கிணைத்தால், பழைய விலைகள் தரவில் 80 சென்னாக மாறிவிடும். அன்றைய உண்மை டிக் விலையில் 6.25 விழுக்காடு, உங்கள் நிரல் பார்ப்பதோ 0.6 விழுக்காடு. வருவாயைக் கணக்கிடச் சரிசெய்த விலையையும், டிக்கைக் கணக்கிட அன்று திரையில் ஓடிய மூல விலையையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்திருங்கள்.

உங்கள் உத்தியில் பொய் லாபம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, முதலில் லாபத்தை விலைவாரியாகப் பிரியுங்கள்: 20 சென்னுக்குக் கீழ், 20 முதல் 50 சென், 50 சென் முதல் 1 ரிங்கிட், அதற்கு மேல். முக்கால்வாசி லாபம் முதல் கூடையிலிருந்தே வந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, இறுதி விலைக்குப் பதிலாக பிட், ஆஸ்க் இரண்டின் நடுவிலையை வைத்து வாங்கும் விற்கும் குறிகளைத் திரும்ப உருவாக்குங்கள். அந்தத் தரவு இல்லையென்றால், குறி வந்த மறுநாள் தொடக்க விலையில், வாங்கும்போது ஒரு டிக் கூட்டியும் விற்கும்போது ஒரு டிக் குறைத்தும் நிறைவேற்றுங்கள். லாபக் கோடு அப்போது சரிந்து படுத்தால், அது வரைந்துகொண்டிருந்தது பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையே விலை துள்ளிய சத்தத்தைத்தான்.