நான்கு மடங்கு வீரியம் என்றால் நான்கு மடங்கு பாதுகாப்பா?

முதியோருக்கான உயர் அளவு ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, அதன் அளவையும் பலனையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான். வழக்கமான தடுப்பூசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் 15 மைக்ரோகிராம் இருக்க, உயர் அளவு ஊசியில் அது 60 மைக்ரோகிராம். ஆனால் பாதுகாப்பு அதே விகிதத்தில் உயர்வதில்லை.

காரணம் உடலில் இருக்கிறது. நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி இளமையிலிருந்தே சுருங்கத் தொடங்குவதால், புதிய கிருமியை எதிர்கொள்ளக் காத்திருக்கும் டி செல்கள் வயது ஏற ஏறக் குறைகின்றன. அவற்றின் உதவியை நம்பியிருக்கும் பி செல்களும் முன்போல் தரமான எதிர்ப்பொருள்களை உருவாக்குவதில்லை. இளைஞரின் உடலைத் தட்டியெழுப்பும் 15 மைக்ரோகிராம் முதியவருக்குப் போதாமல் போவது இதனால்தான். கூடுதல் புரதம் இந்தத் தளர்வை ஓரளவு ஈடுசெய்கிறது. சுரப்பியை மீண்டும் வளர்ப்பதில்லை.

அந்த ஓரளவு எவ்வளவு என்பதை 2014-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. 65 வயது நிரம்பிய ஏறத்தாழ 32,000 பேரில், வழக்கமான ஊசி பெற்றவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும், உயர் அளவு ஊசி பெற்றவர்களில் 1.4 சதவீதத்தினருக்கும் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ வந்தது. செய்திகளில் இது '24 சதவீதம் கூடுதல் பலன்' என்று வந்தது. முழுமையாக்காத எண்களை வைத்துப் பார்த்தால் கணக்கு சரியே. ஆயினும் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் 19 பேருக்கு வந்திருக்க வேண்டியது 14 பேருக்கு வந்தது, அதாவது ஏறத்தாழ ஐந்து பேர் தப்பினர் என்றே படிக்க வேண்டும். ஒப்பீடு ஊசியே போடாதவர்களோடு அல்ல, வழக்கமான ஊசி போட்டவர்களோடு என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஐந்து பேரை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஊசி போடுவோரின் தொகை பெரிதானால் தப்புவோரின் எண்ணிக்கையும் பெரிதாகும்.

உயர் அளவு ஊசி கிடைக்காதபோது வழக்கமான ஊசியையே இரண்டு முறை போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். இரண்டு சேர்ந்தாலும் 30 மைக்ரோகிராம்தான். முதியோருக்கு அப்படிப் போடும்படி பரிந்துரையும் இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, உயர் அளவு ஊசி வரட்டும் என்று பருவம் தொடங்கிய பின்னும் காத்திருப்பது. பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே 65 வயது நிரம்பியவர்களுக்கு உயர் அளவு ஊசியையோ, நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியையோ, மரபணு மறுசேர்க்கை முறையில் தயாரித்த ஊசியையோ முதல் தெரிவாகக் கூறும் அமெரிக்கப் பரிந்துரையே, அவை இல்லாதபோது வயதுக்கு ஏற்ற எந்த ஃப்ளூ ஊசியையும் போடலாம் என்கிறது. மறுபுறம், பருவத்துக்குப் பல மாதங்கள் முன்பே போட்டுக்கொள்வதும் சரியல்ல. முதியோரிடம் எதிர்ப்பொருள் சீக்கிரம் குறைந்துவிடலாம்.

ஊசி போட்ட கை வலிப்பதும் லேசான காய்ச்சல் வருவதும் உயர் அளவில் சற்று அதிகம். அதை ஃப்ளூ என்று கொள்ள வேண்டாம். இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அது அடங்கிவிடும். அதற்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால் வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும்.